மாதக் கடைசியைத் தாண்டும் மின் கட்டணம்: எந்த மாதத்துக்கு எவ்வளவு?

மின்சாரம் நாள்தோறும் செலவாகிறது. அதற்கான பில் அந்த ஒழுங்கில் வருவதில்லை. தமிழ்நாட்டில் தாழ்வழுத்த இணைப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். அதுவும் மாதத்தின் முதல் தேதியிலோ கடைசித் தேதியிலோ அல்ல. ஒரு தெருவுக்கு 5ஆம் தேதி, அடுத்த தெருவுக்கு 12ஆம் தேதி என்று கணக்கீட்டாளரின் சுற்றுப்படி நடக்கும். ஆனால் கடையின் கணக்குப் புத்தகம் மாதக் கடைசியில் முடிகிறது, ஆண்டுக் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. இந்த இரண்டு நாட்காட்டிகளும் ஒத்துப்போகாததால், ஒவ்வொரு மாத முடிவிலும் பயன்படுத்தி முடித்த, ஆனால் இன்னும் பில் வராத மின்சாரம் கொஞ்சம் நின்றுவிடும். அந்தத் தொகையைக் கணித்துச் செலவாகவும் கடனாகவும் புத்தகத்தில் ஏற்றுவதுதான் கணக்காளர்கள் அக்ரூவல் என்று சொல்லும் வேலை. பள்ளிக் கணக்குப்பதிவியல் நூல்களில் இது 'கொடுபட வேண்டிய செலவு' என்ற பெயரில் வரும்.

கம்பெனிகள் இதை விருப்பம்போல விட்டுவிட முடியாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 128ஆவது பிரிவில், கணக்குப் புத்தகங்கள் அக்ரூவல் முறையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பணம் எப்போது கொடுக்கப்பட்டது என்பதைவிட, செலவு எப்போது ஏற்பட்டது என்பதே அங்கே முக்கியம். தனிநபர் நடத்தும் கடைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் எந்த மாதம் லாபம், எந்த மாதம் நட்டம் என்று தெரிந்துகொள்ள விரும்பும் முதலாளிக்கு இது தேவைப்படும்.

ஒரு பில்லில் பல தேதிகள் இருக்கும்: பில் போட்ட தேதி, பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி, முந்தைய ரீடிங் தேதி, இப்போதைய ரீடிங் தேதி. சில பில்களில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று காலம் நேரடியாகவே அச்சிட்டிருக்கும். செலவு எந்த மாதத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்பவை ரீடிங் தேதிகள் இரண்டு மட்டுமே. பில் தேதி அது அச்சான நாளைச் சொல்கிறது, கடைசித் தேதி பணம் எப்போது வெளியே போகும் என்பதைச் சொல்கிறது. பெரும்பாலான அலுவலகங்களில் பில் தேதியை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு, காலத் தேதிகளை ஸ்கேன் செய்த படத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இப்போது பில்லின் பிடிஎஃப் கோப்பைப் படித்துத் தேதிகளைத் தனித்தனிக் கட்டங்களில் எடுத்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கையால் தட்டினாலும் மென்பொருள் எடுத்தாலும், ஒவ்வொரு பில்லுக்கும் ஐந்து விவரங்கள் போதும்: இணைப்பு எண், காலத் தொடக்கம், கால முடிவு, யூனிட், தொகை.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 2024 டிசம்பர் 12 முதல் 2025 பிப்ரவரி 12 வரையிலான பில் ரூ.49,600. இடைப்பட்ட நாட்கள் 62. ஆகவே ஒரு நாளுக்கு ரூ.800. அடுத்த ரீடிங் ஏப்ரல் 13இல்தான் நடக்கும். பில் வந்த மாதத்திலேயே முழுச் செலவையும் எழுதினால், பிப்ரவரியில் ரூ.49,600 செலவு நிற்கும், மார்ச்சில் ஒரு ரூபாய்கூட இருக்காது, ஏப்ரலில் மறுபடி ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும். மூன்று மாத லாபக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, மார்ச்சில் கடை பிரமாதமாக நடந்ததாகத் தோன்றும். உண்மையில் மின் பில் வராத மாதம் என்பதுதான் வித்தியாசம்.

நாட்களை எண்ணும்போது முதலில் ஒரு விதியை முடிவு செய்துகொள்ள வேண்டும். பிப்ரவரி 12ஆம் தேதி, முந்தைய பில்லுக்கு முடிவாகவும் அடுத்த பில்லுக்குத் தொடக்கமாகவும் இரண்டிலும் வருகிறது. இரண்டு பக்கமும் எண்ணினால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நாள் கூடிவிடும். தொடக்க நாளை விட்டுவிட்டு முடிவு நாளைச் சேர்ப்பது வழக்கமான தீர்வு. அதன்படி பிப்ரவரி 13 முதல் 28 வரை 16 நாள், மார்ச் முழுவதும் 31 நாள், ஏப்ரல் 13 வரை 13 நாள், மொத்தம் 60. ஆனால் தொலைபேசி, இணைய பில்களில் பெரும்பாலும் 'மார்ச் 5 முதல் ஏப்ரல் 4 வரை' என்று இருக்கும், அடுத்த பில் ஏப்ரல் 5இல் தொடங்கும். அங்கே இரண்டு நாட்களும் உள்ளே சேரும். எந்த வகை என்று சந்தேகம் வந்தால், அடுத்தடுத்த இரண்டு பில்களை எடுத்து முந்தையதன் முடிவும் பிந்தையதன் தொடக்கமும் ஒரே நாளா, மறுநாளா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மறுநாள் என்றால், தொடக்கத் தேதியில் ஒரு நாளைக் குறைத்துப் பதிந்துகொண்டால் எல்லா பில்களுக்கும் ஒரே கணக்கு பொருந்தும்.

எக்செல் தாளில் B நெடுவரிசையில் தொடக்கம், C நெடுவரிசையில் முடிவு, மேல் வரிசையில் F1 முதல் ஒவ்வொரு மாதத்தின் கடைசித் தேதி என்று அமைத்தால், ஒரு பில்லின் நாட்களில் எத்தனை ஒரு மாதத்துக்குள் விழுகின்றன என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும்:

```
=MAX(0, MIN($C2,F$1) - MAX($B2,EOMONTH(F$1,-1)))
```

கால முடிவு, மாத முடிவு இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து, காலத் தொடக்கம், போன மாத முடிவு இரண்டில் எது பிந்தியதோ அதைக் கழிக்கிறது. விடை எதிர்மறையானால் பூஜ்யம் என்று வைக்கிறது. ஜவுளிக்கடைக்கு இது 16, 31, 13 என்றே தரும். எல்லா மாதங்களின் விடைகளையும் கூட்டினால் பில்லின் மொத்த நாட்கள் வர வேண்டும். வராவிட்டால் தேதியில் ஏதோ பிழை இருக்கிறது.

பில் கையில் வந்தபின் பிரிப்பதற்கு இது போதும். மாதக் கடைசியில் பில் இன்னும் வந்திருக்காது என்பதுதான் உண்மையான சிக்கல். அப்போது தேவைப்படுவது ஒரே ஒரு தேதி: அந்த இணைப்புக்குக் கடைசியாக வந்த பில்லின் முடிவு நாள். மாத முடிவிலிருந்து அதைக் கழித்தால், எந்த பில்லும் தொடாத நாட்கள் எத்தனை என்று கிடைக்கும். மார்ச் 31க்கும் பிப்ரவரி 12க்கும் இடையே 47 நாட்கள். நாளுக்கு ரூ.800 என்று வைத்தால் ரூ.37,600 கொடுபட வேண்டியிருக்கிறது.

ஆனால் மார்ச் மாதம் ஜனவரி போன்றதல்ல. ஏசி அதிகம் ஓடும். போன ஆண்டின் பில்களைப் பார்த்தால் அதை அளவிட முடியும். இந்தக் கடைக்கு 2023 டிசம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை நாளுக்கு ரூ.700, அதற்கடுத்த பில்லில் நாளுக்கு ரூ.770 ஆகியிருந்தது என்றால், உயர்வு பத்து சதவீதம். இங்கே எடுக்க வேண்டியது இந்த விகிதத்தையே, ரூபாய்த் தொகையை அல்ல. தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் மின் கட்டணம் உயர்ந்தது. போன ஆண்டின் ரூ.770 பழைய கட்டணத்தில் போட்டது. ஆனால் ஒப்பிட்ட இரண்டு பில்களும் அந்த உயர்வுக்கு முந்தையவை என்பதால் அவற்றின் விகிதம் கட்டண மாற்றத்தால் கெடவில்லை, பருவத்தின் விளைவை மட்டுமே காட்டுகிறது. அந்தப் பத்து சதவீதத்தை இன்றைய ரூ.800இல் கூட்டினால் நாளுக்கு ரூ.880, 47 நாளுக்கு ரூ.41,360.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு, அதற்குச் செலவே கிடையாது. மாதத்தின் கடைசி நாள் மாலை கடையை மூடும்போது மீட்டரைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால் உண்மையான யூனிட் தெரிந்துவிடும். முந்தைய ரீடிங்கைக் கழித்து, கட்டண விகிதத்தால் பெருக்கினால், நாட்களை வைத்து ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மாதத்தில் பத்து நாள் மட்டும் ஓடிய ஆலைக்கோ, தீபாவளி வியாபாரத்துக்காக இரவு முழுவதும் விளக்கெரிந்த கடைக்கோ நாள் கணக்கு தவறாகவே போகும். அங்கே மீட்டர் படம்தான் நம்பத்தக்கது.

புத்தகத்தில் பதிவது எளிது. மின் கட்டணக் கணக்கைப் பற்று வைத்து, கொடுபட வேண்டிய மின் கட்டணக் கணக்கை வரவு வைக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதியில் அதே தொகைக்கு எதிர்ப்பதிவு போட்டு அழித்துவிட வேண்டும். பில் வந்ததும் முழுத் தொகையும் வழக்கம்போலச் செலவில் ஏறும். அக்ரூவலில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த எதிர்ப்பதிவைச் சுற்றியே நடக்கிறது, அதுவும் இரண்டு மாத பில்லில் கூடுதலாக.

பிப்ரவரி 28இல் ஜவுளிக்கடையின் தொடப்படாத நாட்கள் 16; ரூ.12,800 ஏற்றப்பட்டது. மார்ச் 1இல் அது திருப்பப்பட்டது. மார்ச் 31இல் ஏற்ற வேண்டியது 31 நாளுக்கான தொகையா, 47 நாளுக்கான தொகையா? 47 நாளுக்கானதே. ஏனென்றால் பிப்ரவரியின் 16 நாள் எதிர்ப்பதிவில் அழிந்துவிட்டது, அதற்கான பில் இன்னும் வரவில்லை. ரூ.41,360 ஏற்றினால், மார்ச்சின் நிகரச் செலவு அதிலிருந்து ரூ.12,800 போக ரூ.28,560. இதில் ரூ.27,280 மார்ச்சின் 31 நாளுக்கு உரியது, மீதி ரூ.1,280, பிப்ரவரியின் 16 நாளை ரூ.800க்குக் கணித்ததை இப்போது ரூ.880க்குத் திருத்தியதால் வந்தது. எதிர்ப்பதிவு போட்டுவிட்டு 31 நாளுக்கு மட்டும் ஏற்றுபவர் பிப்ரவரியின் பாதியைத் தொலைத்துவிடுகிறார். எதிர்ப்பதிவு போடாமல் 47 நாளுக்கும் ஏற்றுபவர் அந்தப் பாதியை இரண்டு முறை எழுதுகிறார். எது நடந்தாலும் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: மாத முடிவில் கொடுபட வேண்டிய மின் கட்டணக் கணக்கில் நிற்கும் நிலுவை, எல்லா இணைப்புகளின் தொடப்படாத நாட்களுக்கான தொகைகளின் கூட்டலுக்குச் சரியாகச் சமமாக இருக்க வேண்டும். கூடுதலாக நின்றால், ஏதோ ஒரு பழைய தொகை திருப்பப்படாமல் கிடக்கிறது.

ஏப்ரல் 13இல் ரீடிங் எடுத்து ரூ.55,200க்கு பில் வருகிறது. 60 நாளுக்கு நாளொன்றுக்கு ரூ.920. அதன்படி மார்ச் 31 வரையிலான 47 நாளின் பங்கு ரூ.43,240, ஏப்ரலின் 13 நாளுக்கு ரூ.11,960. மார்ச்சில் கணித்தது ரூ.41,360 என்பதால் ரூ.1,880 குறைவு. மாதக் கணக்கில் இந்தச் சிறு வித்தியாசம் ஏப்ரலில் விழட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம். ஆண்டுக் கணக்கில் நிலைமை வேறு. மார்ச் 31க்கான ஆண்டுக் கணக்கைத் தணிக்கையாளர் ஏப்ரல் 13க்குள் முடித்துவிடுவதில்லை. பில் கையில் வந்துவிட்டபின் ஊகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் இல்லை. ஆண்டு முடிவுக்குப் பின் தெரிய வந்தாலும், ஆண்டு முடிவில் இருந்த நிலைமைக்குச் சான்றாக இருப்பதைக் கொண்டு கணக்கைத் திருத்த வேண்டும் என்றே கணக்கியல் தரங்கள் சொல்கின்றன. ஆகவே ரூ.43,240 என்பதே அந்த ஆண்டுக்கு உரிய எண்.

'ஆண்டுக்கு ஆறு பில் எப்படியும் வருகிறது, முன்னே ஒரு துண்டு உள்ளே வந்தால் பின்னே ஒரு துண்டு வெளியே போகிறது, மொத்தத்தில் சரியாகிவிடும்' என்று வாதிடுபவர்கள் உண்டு. கட்டணமும் பயன்பாடும் மாறாத சிறு கடைக்கு அது ஏறக்குறைய உண்மை. கட்டணம் உயர்ந்த ஆண்டிலும், புதுக் கிளை திறந்த ஆண்டிலும் அது உண்மையில்லை: உள்ளே வந்த துண்டு சிறியது, வெளியே போன துண்டு பெரியது.

கட்டணம் மாறும் நாள் பில் காலத்தின் நடுவே விழுந்தால் நாள் விகிதப் பிரிப்பும் தடுமாறும். ஜூலை 1இல் கட்டணம் உயர்ந்தால், ஜூன் 5 முதல் ஆகஸ்ட் 5 வரையிலான பில்லை ஒரே நாள் விகிதத்தில் பிரிப்பது ஜூன் மீது ஜூலையின் விலையை ஏற்றிவிடும். 2022இல் உயர்வு செப்டம்பர் 10ஆம் தேதி அமலுக்கு வந்தது. அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே இரண்டு விலைகள். இப்படிப்பட்ட பில்லில் யூனிட்டை நாள்படி பிரித்து, ஒவ்வொரு பங்கையும் அந்தந்த நாளின் விலையால் பெருக்க வேண்டும். கிலோவாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வாங்கப்படும் நிலைக் கட்டணத்தை மட்டும் யூனிட்டோடு சேர்க்காமல் மாதவாரியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பிரிப்பதற்கு முன் பில் தொகையிலிருந்து செலவு அல்லாதவற்றை நீக்க வேண்டும். பழைய பாக்கி ஏற்கெனவே செலவில் எழுதப்பட்டது. கூடுதல் வைப்புத்தொகை கேட்டிருந்தால் அது திரும்பக் கிடைக்கக்கூடிய சொத்து, செலவே அல்ல. தாமதக் கட்டணம் செலவுதான், ஆனால் 60 நாளுக்குப் பரவியது அல்ல. இவற்றையெல்லாம் சேர்த்து 'செலுத்த வேண்டிய மொத்தத் தொகை' என்ற கட்டத்தை எடுத்து நாட்களால் வகுத்தால் நாள் விகிதமே பொய்யாகிவிடும், அந்தப் பொய் அடுத்த மாதக் கணிப்புக்கும் போகும்.

இணைய பில்லில் வேறொரு விஷயம் கவனிக்க வேண்டும். மாதச் சந்தா பெரும்பாலும் முன்கூட்டியே வாங்கப்படுகிறது. மார்ச் 5 முதல் ஏப்ரல் 4 வரைக்குச் சந்தா ரூ.1,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.180 என்றால், மார்ச் 31இல் நான்கு நாளுக்கான சுமார் ரூ.129 முன்கூட்டிச் செலுத்திய செலவு. கொடுபட வேண்டியது எதுவும் இல்லை. தேதிகளைப் பார்க்காமல் எல்லா பில்லுக்கும் 'பின்னால் வரும்' என்று நினைத்து அக்ரூவல் ஏற்றுபவர் இங்கே நேர் எதிர்த்திசையில் போய்விடுவார். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கும் நிறுவனம் அந்த ரூ.180ஐப் பிரிப்பில் சேர்க்கவும் கூடாது.

தேதிகளை எடுக்கும்போது நேரும் பிழைகளில் மிக ஆபத்தானது சத்தமில்லாமல் நடப்பது. நம் பில்களில் 04/03/2025 என்றால் மார்ச் 4. அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்ட கணினி அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் தராது. 13/04/2025 போன்ற தேதியை அதனால் தேதியாகவே ஏற்க முடியாது. வெறும் எழுத்தாக விட்டுவிடும், கட்டத்தில் அது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரு நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றிலும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் என்று கொள்ள வேண்டும். ஸ்கேன் மங்கலாக இருந்தால் 1 ஏழாகவும், 3 எட்டாகவும் மாறுவதும் உண்டு.

இவற்றைப் பிடிக்க இரண்டு சோதனைகள் போதும். இரண்டு மாத பில் என்றால் நாட்கள் ஏறத்தாழ 55க்கும் 65க்கும் இடையே இருக்க வேண்டும்; 30 என்றோ 92 என்றோ வந்தால் பில்லை எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பில்லின் முடிவுத் தேதியும் அடுத்ததன் தொடக்கமும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், முடிவு ரீடிங்கும் அடுத்த தொடக்க ரீடிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் நடுவே ஒரு பில் தொலைந்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, அல்லது தேதி தவறு. கடை பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்க முடியாமல் சராசரியை வைத்து பில் போட்டிருந்தால், தேதிகள் சரியாகவே தொடும், ஆனால் தொகை உண்மையல்ல. அடுத்த உண்மை ரீடிங் வரும்போது இரண்டு பில்களையும் ஒரே நான்கு மாதக் காலமாகச் சேர்த்துப் பிரிப்பதே சரி.

இத்தனை சோதனைகளும் வந்து சேர்ந்த பில்களைத்தான் சோதிக்கின்றன. வராத பில்லில் எடுப்பதற்குத் தேதியே கிடையாது. இருபது கிளைகள் உள்ள நிறுவனத்தில் ஒரு கிளையின் பில் மேலாளரின் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டால், பில்களிலிருந்து தொடங்கும் பட்டியலில் அந்தக் கிளை இடம்பெறாது, யாருக்கும் அது குறையாகவும் தெரியாது. அதனால் மாத முடிவுப் பட்டியல் இணைப்பு எண்களிலிருந்து தொடங்க வேண்டும்: ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கடைசி பில்லின் முடிவுத் தேதி, தொடப்படாத நாட்கள், நாள் விகிதம், தொகை. தொடப்படாத நாட்கள் 65ஐத் தாண்டிய இணைப்புக்கு ஒரு பில் எங்கோ நின்றுவிட்டது என்று பொருள். அந்தக் கிளைக்கு உடனே தொலைபேசியில் பேசி பில்லை வரவழைக்க வேண்டும்.